18 மி.மீ. கூப்பனில் எடுத்த பி.க்யூ.ஆர், 5.54 மி.மீ. குழாய்க்குச் செல்லுமா?

குழாய்வழி · மார்ச் 3, இரவு 9:40

சைட்டில் போடப் போகும் குழாய் எல்லாம் ஏ333 கிரேடு 6. 2 அங்குலம் 5.54 மி.மீ. சுவர், 6 அங்குலம் 10.97, 8 அங்குலம் 12.70. ரூட் டிக், அதற்கு மேல் இ7018-1 ஸ்டிக். 2 அங்குலம் மட்டும் முழுக்க டிக். பைப்பிங் கோடு பி31.3.

ஒப்பந்ததாரர் கையில் இருந்த பழைய பி.க்யூ.ஆர் ஒன்றை அனுப்பியிருக்கிறார். 6 அங்குலக் குழாய், 18.26 மி.மீ. சுவர், 6ஜி நிலை. இழுவிசை இரண்டு, பக்க வளைவு நான்கு, −46 டிகிரியில் சார்பி. எல்லாம் பாஸ். அதை வைத்து எழுதிய டபிள்யூ.பி.எஸ்-இல் தடிமன் வரம்பு 5 முதல் 36.5 வரை. ஏ.எஸ்.எம்.இ. பிரிவு 9 அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 10 முதல் 19-க்குள் என்றால் 5 முதல் 2T. கணக்கு சரியாக வருகிறது.

கையெழுத்துப் போடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் மூத்தவர் "இன்னொரு தடவை பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைப் பார்ப்பது?

ஸ்டிக்காரன் · மார்ச் 3, இரவு 10:15

6ஜி-யில் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்? 13 மி.மீ.க்கு மேல் உலோகம் இறக்கி பாஸ் ஆனால் தடிமனுக்கு வரம்பே கிடையாது. எங்கள் ஆட்கள் கார்டெல்லாம் அப்படித்தான். தாராளமாகப் போடுங்கள்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 4, காலை 6:50

ஸ்டிக்காரன் சொல்வது வெல்டர் தகுதி. அங்கே அவர் சொன்னது சரி. இங்கே கேட்பது வெல்டரின் கையைப் பற்றி இல்லை, அந்த முறையில் போட்ட உலோகத்தைப் பற்றி. இரண்டுக்கும் வேறு வேறு விதி.

குழாய்வழி, ஒரே ஒரு கேள்வி. லைன் லிஸ்டில் குறைந்தபட்ச வடிவமைப்பு வெப்பநிலை என்ன? அதைச் சொல்லாமல் பி.க்யூ.ஆரைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

குழாய்வழி · மார்ச் 4, காலை 8:05

−45. சில லைன்கள் மட்டும் +5.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 4, மதியம் 1:20

அப்படியானால் உங்கள் 5 முதல் 36.5 என்ற வரம்பு +5 லைன்களுக்கு மட்டும்தான். −45 லைன்களுக்கு வெல்டிலும் தாக்கச் சோதனை கட்டாயம். தாக்கச் சோதனை வந்துவிட்டால் பிரிவு 9-இல் துணை அத்தியாவசிய மாறிகள் எழுந்து உட்காரும். அதுவரை அவை தூங்கிக்கொண்டிருக்கும், அதனால்தான் பலர் அந்தப் பத்தியைப் புரட்டுவதே இல்லை.

க்யூ.டபிள்யூ-403.6 படியுங்கள். தாக்கச் சோதனை தேவைப்படும்போது தகுதி பெறும் குறைந்தபட்சத் தடிமன் கூப்பனின் தடிமன் அல்லது 16 மி.மீ., இரண்டில் எது குறைவோ அது. உங்கள் கூப்பன் 18.26. ஆகவே கீழ் எல்லை 16. மேல் எல்லை 36.5, அதில் மாற்றம் இல்லை.

உங்கள் குழாயில் அதிகபட்சச் சுவர் 12.70. இந்த பி.க்யூ.ஆர் −45-இல் உங்கள் ஒரு மூட்டைக்கூடத் தாங்காது.

குழாய்வழி · மார்ச் 4, மதியம் 1:45

ஒன்றுகூடவா? தடித்த கூப்பனில் பாஸ் ஆனது மெல்லியதில் ஏன் ஆகாது? மெல்லியது சுலபம்தானே.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 4, இரவு 8:30

வலிமைக்கு அது ஓரளவு சரி. தாக்க வலுவுக்கு இல்லை. 18 மி.மீ. சுவர் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அதே ஆம்பியர், அதே வேகத்தில் 5.54 மி.மீ. சுவரில் போட்டால் சூடு போக இடமில்லை. மூட்டு மெதுவாகக் குளிரும், வெப்பம் பாதித்த பகுதியில் துகள்கள் பருக்கும், சார்பி எண் இறங்கும். இன்னொன்றும் உண்டு. தடித்த கூப்பனில் பல அடுக்கு. மேல் அடுக்கு ஒவ்வொன்றும் கீழ் அடுக்கைத் திரும்பச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும். இரண்டு மூன்று அடுக்கில் முடியும் மெல்லிய குழாயில் அந்தப் பக்குவம் கிடைக்காது.

பி31.3-இன் தாக்கச் சோதனை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தடிமன் பற்றி அது தனியாகவும் பேசுகிறது.

நேர்கோடு · மார்ச் 4, இரவு 9:10

எங்களுக்கும் இதே தலைவலி வந்தது. பி.க்யூ.ஆரில் எல்லாம் பாஸ், கடைசியில் கடினத்தன்மை மட்டும் கேப் ஓரத்தில் 262 எச்.வி. வந்து வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். உங்கள் பி.க்யூ.ஆரில் கடினத்தன்மை அளவு எங்கே? அது இல்லாமல் எப்படி ஏற்கிறீர்கள்?

பழைய_ஆய்வாளர் · மார்ச் 4, இரவு 9:25

மேடம், உங்கள் லைனில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்திருக்கும். அதற்கான தரம்தான் 250 எச்.வி. கேட்கிறது. பிரிவு 9 சாதாரண முறைத் தகுதிக்குக் கடினத்தன்மை கேட்பதே இல்லை. இவர் லைன் புளிப்பு சேவை என்று எங்கும் சொல்லவில்லை.

நேர்கோடு · மார்ச் 4, இரவு 9:31

ஆமாம், எங்களுடையது புளிப்பு. ஆனாலும் குழாய்வழி ஒருமுறை திட்டக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். கோடு கேட்காததை வாடிக்கையாளர் கேட்பார், அதுவும் கடைசி வாரத்தில்.

குழாய்வழி · மார்ச் 5, காலை 7:30

பார்த்துவிட்டேன், புளிப்பு இல்லை, கடினத்தன்மை கேட்கவில்லை.

ஒப்பந்ததாரரிடம் 16 மி.மீ. விஷயத்தைச் சொன்னேன். "மூன்று திட்டத்தில் இதே பி.க்யூ.ஆர் ஓடியிருக்கிறது" என்றார். அது ஓடிய திட்டங்களில் வெப்பநிலை என்ன என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.

அடுத்து ஹீட் இன்புட். கூப்பன் பதிவில் ஸ்டிக் பாஸ்களில் அதிகபட்சம் 24 வோல்ட், 115 ஆம்பியர், நிமிடத்துக்கு 80 மி.மீ. டபிள்யூ.பி.எஸ்-இல் 3.2 ராடுக்கு 22–28 வோல்ட், 90–140 ஆம்பியர், 50–100 மி.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். பதிவு எண்கள் அந்த வரம்புக்கு நடுவில்தான் இருக்கின்றன. சரிதானே?

பழைய_ஆய்வாளர் · மார்ச் 5, மதியம் 12:50

தனித்தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

```
H = V × A × 60 / S
கூப்பன்:       24 × 115 × 60 / 80 = 2070 J/mm
WPS மூலை:  28 × 140 × 60 / 50 = 4704 J/mm
```

கூப்பனில் நிரூபித்தது மி.மீ.க்கு சுமார் 2.07 கிலோஜூல். டபிள்யூ.பி.எஸ் அனுமதிப்பது 4.7. தாக்கச் சோதனை இருந்தால் ஹீட் இன்புட் கூடுவது துணை அத்தியாவசிய மாறி, க்யூ.டபிள்யூ-409.1. இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறார்கள்.

ஸ்டிக்காரன் · மார்ச் 5, மதியம் 1:30

140 ஆம்பியர் வைத்து 50 மி.மீ. வேகத்தில் செங்குத்தாக மேலே போனால் உலோகம் கையில் வழியும். எந்த வெல்டரும் அந்த மூலைக்குப் போக மாட்டான். காகிதத்தில் பயம் காட்டாதீர்கள்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 5, மதியம் 2:05

போக மாட்டான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 125 ஆம்பியர், 25 வோல்ட், 60 மி.மீ. என்றால்? வெல்டர் நன்றாகவே போடுவார், பீட் அழகாக இருக்கும், டபிள்யூ.பி.எஸ் வரம்புக்குள்ளேயும் இருக்கும். கணக்கு 3.1 கிலோஜூல். அதுதான் எனக்குப் பயம், மூலை இல்லை.

ஸ்டிக்காரன் · மார்ச் 5, மதியம் 2:20

அது நடக்கும். அகலமாக வீசிப் போட்டால் வேகம் தானாகவே அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

லேப்_மேசை · மார்ச் 5, மாலை 6:40

ஹீட் இன்புட்டில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2.07 எந்த பாஸில் பதிவானது? சார்பி துண்டு எந்த ஆழத்தில் எடுத்தது? கேப் பாஸில்தான் அந்த உச்சம் வந்தது என்றால், துண்டு எடுக்கும்போது கேப்பின் மேல்பகுதியைச் சீவித் தள்ளியிருப்பார்கள். அப்படியானால் சோதித்த உலோகம் 2.07-ஐப் பார்த்ததா, இல்லை அதற்குக் கீழே 1.6-இல் போட்ட பாஸா? நான் வேலை பார்க்கும் கூடத்தில் துண்டு எடுத்த ஆழத்தில் இருந்த பாஸ்களின் உச்சத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வோம்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 5, இரவு 8:10

நான் கூப்பனில் பதிவான உச்சத்தை ஏற்றுத்தான் பழக்கம். கேப்பின் சூடு அதற்குக் கீழே இருக்கும் பகுதியையும் பாதிக்கிறதே. ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பன் போடும்போதே எல்லா பாஸையும் கிட்டத்தட்ட ஒரே ஹீட் இன்புட்டில் வைத்துவிட்டால் இந்த வாதமே வராது.

குழாய்வழி · மார்ச் 5, இரவு 10:30

சோதனை அறிக்கையையும் இப்போது எடுத்துப் பார்த்தேன். சார்பி 10×10 துண்டுகள், "கேப் பக்கத்திலிருந்து" என்று வரைபடம். வெல்ட் உலோகம் 64, 71, 58 ஜூல். ஏ333 கிரேடு 6 கேட்பது சராசரி 18, தனி ஒன்றுக்கு 14. நிறைய மிச்சம் இருக்கிறது. வெப்பம் பாதித்த பகுதி 112, 112, 112.

இழுவிசை 492, 488 எம்.பி.ஏ. குறைந்தபட்சம் 415. பாஸ்.

லேப்_மேசை · மார்ச் 6, காலை 9:15

மூன்று விஷயம்.

112, 112, 112. வெப்பம் பாதித்த பகுதியில் மூன்று துண்டும் ஒரே எண் வருவது எனக்குச் சந்தேகம். அந்தப் பகுதியில் நாட்ச் அரை மி.மீ. நகர்ந்தாலே எண் மாறும். நாட்ச் எங்கே வெட்டினார்கள் என்று அரித்துப் பார்த்த படம் கேளுங்கள். படம் இல்லை என்றால் அந்த மூன்றும் அடிப்படை உலோகத்தில் வெட்டியதாகக்கூட இருக்கலாம்.

இழுவிசையில் எம்.பி.ஏ. எண்ணை மட்டும் படிக்காதீர்கள். அகலம், தடிமன், உடைந்த சுமை மூன்றும் அறிக்கையில் இருக்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

துண்டு கேப் பக்கம் எடுத்தது என்றால் சோதித்தது முழுக்க ஸ்டிக் உலோகம். 18 மி.மீ. சுவரில் 3 மி.மீ. டிக் ரூட் அடியில் கிடக்கிறது, 10 மி.மீ. துண்டு அதைத் தொட்டிருக்கவே முடியாது. உங்கள் 2 அங்குலக் குழாய் முழுக்க டிக் என்றீர்கள். அந்த உலோகத்தின் தாக்க வலுவை யார் பார்த்தது?

குழாய்வழி · மார்ச் 6, காலை 11:00

வகுத்துப் பார்த்தேன். முதல் துண்டு 19.1 × 17.6, சுமை 165.5 கிலோநியூட்டன். 492 வருகிறது, சரி. இரண்டாவது 19.0 × 17.5, சுமை 148.2. அது 446 தான் வருகிறது. அறிக்கையில் 488.

446-உம் பாஸ்தானே. விட்டுவிடலாமா?

லேப்_மேசை · மார்ச் 6, காலை 11:20

விடக்கூடாது. 488 உண்மை என்றால் சுமை 162 சொச்சம் இருக்க வேண்டும். யாரோ கையால் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள், எந்த எண் தவறு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. சோதனை இயந்திரத்தின் பதிவைப் பார்த்து ஆய்வகமே திருத்திய அறிக்கை தரட்டும். ஒப்பந்ததாரர் பேனாவால் அடித்துத் திருத்த விடாதீர்கள். ஒரு எண் இப்படி இருந்தால் மற்ற பக்கங்களையும் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும்.

குழாய்வழி · மார்ச் 6, மாலை 5:50

ஒப்பந்ததாரர் இறங்கி வந்துவிட்டார். புதிதாகக் கூப்பன் போடத் தயார், ஆனால் ஒன்றுதான் போடுவாராம். என் கணக்கு இது: கூப்பன் 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் குறைந்தபட்சம் T-இல் பாதி. 5.54 கூப்பன் போட்டால் 2.77 முதல் 11.08 வரை. 2 அங்குலம், 6 அங்குலம் இரண்டும் அடங்கிவிடும். 8 அங்குலம் மட்டும் வெளியே நிற்கும். அவர் 4 அங்குலம் 6.02 சுவர்க் குழாய் கையில் இருக்கிறது, அதில் போடலாம் என்கிறார். அப்போது 12.04 வரை போகும்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 6, இரவு 9:00

6.02 என்றால் 6-க்குக் கீழே இல்லையே. பாதி என்ற சலுகை போய்விடும், குறைந்தபட்சம் 6.02 ஆகிவிடும். உங்கள் 5.54 வெளியே.

நேர்கோடு · மார்ச் 6, இரவு 9:20

சார், அதே வரியில் அங்குலத்தில் 1/4 என்று இருக்கிறது. 6.02 மி.மீ. என்பது 0.237 அங்குலம். 1/4-க்குக் கீழேதான். அங்குலத்தில் செல்லும், மி.மீ.யில் செல்லாது என்றால் எதை எடுப்பது?

பழைய_ஆய்வாளர் · மார்ச் 6, இரவு 9:45

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். திட்டம் எந்த அலகில் ஓடுகிறதோ அந்த அலகில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. இவர் ஆவணம் எல்லாம் மி.மீ. ஆகவே 6.02 வேண்டாம்.

ஸ்டிக்காரன் · மார்ச் 6, இரவு 10:05

6.02 என்பது பெயரளவு. குழாயை அளந்தால் பாதி நேரம் 5.8 தான் இருக்கும். அளந்து எழுதிவிட்டால் முடிந்தது.

நேர்கோடு · மார்ச் 6, இரவு 10:20

அளந்து எழுதினால் 2T-யும் அளந்ததில்தான். 5.54 குழாய் அளந்தால் 5.3 வந்தது என்று வையுங்கள், மேல் எல்லை 10.6. 10.97 வெளியே போய்விடும். ஒரு பக்கம் லாபம் என்றால் மறு பக்கம் நஷ்டம்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 7, காலை 7:10

ஸ்டிக்காரன் சொன்ன 5.8 நல்ல எண். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். தடித்த ஏ333 குழாயை லேத்தில் ஏற்றி, மூட்டு வரும் இடத்தை 5.8-க்கு இறக்குங்கள். பெரிய விட்டம் கிடைத்தால் சார்பி துண்டும் வளைவில்லாமல் வரும். 2 அங்குலக் குழாயில் 5 மி.மீ. துண்டு எடுக்க வளைவு போக 0.1 மி.மீ.தான் மிஞ்சும், கூடம் திட்டும்.

தட்டையான பிளேட்டிலும் போடலாம், பிளேட் குழாய்க்குச் செல்லும். ஆனால் 516 கிரேடு 70 எடுத்துவிடாதீர்கள். அது குரூப் 2, உங்கள் குழாய் குரூப் 1. தாக்கச் சோதனை இருக்கும்போது குரூப் மாறக்கூடாது.

அப்புறம், ஒரு கூப்பன் போதாது. தடிமன் வரம்பு இரண்டு உண்டு: அடிப்படை உலோகத்துக்கு ஒன்று, இறக்கிய வெல்ட் உலோகத்துக்கு ஒன்று. 5.8 கூப்பனில் டிக் 3, ஸ்டிக் 2.8 என்று போட்டால் ஸ்டிக் 5.6 வரைதான் தகுதி. 10.97 குழாயில் ரூட் 3 போக ஸ்டிக் 8 வரும். அடிப்படை உலோகம் உள்ளே இருக்கும், வெல்ட் உலோகம் வெளியே நிற்கும்.

குழாய்வழி · மார்ச் 7, மதியம் 12:30

இதை நான் பார்க்கவே இல்லை. அப்படியானால் இரண்டு கூப்பன். ஒன்று 5.8, முழுக்க டிக்: 2.9 முதல் 11.6 வரை. மற்றொன்று டிக் 3, ஸ்டிக் 7.5, மொத்தம் 10.5: 10.5 முதல் 21 வரை, ஸ்டிக் 15 வரை. 8 அங்குலத்தில் ஸ்டிக் 9.7 தான் வரும். 6 அங்குலமும் 8 அங்குலமும் இதில் அடங்கும். சரியா?

பழைய_ஆய்வாளர் · மார்ச் 7, மதியம் 12:55

சரி. 10.97-க்குப் பதில் 10.5-க்கு இறக்கியது நல்லது, 6 அங்குலம் எல்லைக் கோட்டில் தொங்காது.

லேப்_மேசை · மார்ச் 7, மதியம் 1:15

10.5 சுவரில் முழு 10 மி.மீ. துண்டு எடுக்க முயலுங்கள். நாட்ச் சுவர் ஆழம் முழுக்கப் போகும், ரூட் டிக்கும் ஸ்டிக்கும் ஒரே துண்டில் வந்துவிடும். ரூட்டில் விளிம்பு ஏற்ற இறக்கம் இருந்தால் துண்டு கிடைக்காது, பொருத்தும்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்டிக்காரன் · மார்ச் 7, மாலை 4:40

கூப்பனை மேலிருந்து கீழ் இல்லாமல் 5ஜி அல்லது 6ஜி-யில் மேல்நோக்கிப் போடுங்கள். தட்டையில் போட்டுவிட்டு சைட்டில் மேல்நோக்கிப் போக முடியாது என்று எங்கள் இடத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அப்புறம், ஸ்டோரில் இ7018-1 தீர்ந்தால் இ7018 கொடுப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 7, மாலை 5:10

ஸ்டிக்காரன் இரண்டையும் சரியாகப் பிடித்தார். இ7018-இல் தகுதி பெற்று இ7018-1 பயன்படுத்தலாம். திருப்பிப் போட முடியாது. முதலாவது −30-இல் நிரூபித்தது, இரண்டாவது −45-இல்.

குழாய்வழி · மார்ச் 11, இரவு 8:20

இரண்டு கூப்பனும் போட்டாயிற்று, 6ஜி, மேல்நோக்கி. ஸ்டிக் பாஸ்கள் எல்லாம் 1.9 முதல் 2.1 கிலோஜூலுக்குள் வைத்தோம். இன்டர்பாஸ் அதிகபட்சம் 185 பதிவு. ஒப்பந்ததாரர் டபிள்யூ.பி.எஸ்-இல் 250 என்று எழுதினார். 55-க்கு மேல் கூடக்கூடாது என்பதால் 240-க்குக் குறைக்கச் சொன்னேன்.

சைட்டில் ஹீட் இன்புட்டை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு மூட்டிலும் கடிகாரமும் கிளாம்ப் மீட்டரும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

பழைய_ஆய்வாளர் · மார்ச் 11, இரவு 9:05

409.1 அதற்கும் வழி விட்டிருக்கிறது, இறக்கிய உலோகத்தின் அளவை வைத்தும் பார்க்கலாம். கூப்பனில் ஒரு 3.2 ராடை 300 மி.மீ. எரித்தபோது பீட் எவ்வளவு நீளம் வந்தது என்று குறித்தீர்களா? அதைவிடக் குட்டையாக சைட்டில் வரக்கூடாது, அவ்வளவுதான். ராடும் ஒன்றே, பீட் குட்டை என்றால் மி.மீ.க்கு அதிக உலோகம், அதிக சூடு.

குழாய்வழி · மார்ச் 11, இரவு 9:15

குறித்திருக்கிறோம். 2.1 போன பாஸில் 90 மி.மீ.

ஸ்டிக்காரன் · மார்ச் 11, இரவு 9:40

இதை வெல்டரிடம் சொன்னால் புரியும். கிலோஜூல் என்று சொன்னால் உங்களைப் பார்த்துச் சிரிப்பான். 90 என்று ஸ்கேலில் சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுங்கள்.

குழாய்வழி · மார்ச் 19, மாலை 6:30

சார்பி வந்தது, −46-இல். 10.5 கூப்பன், முழு அளவுத் துண்டு: வெல்ட் 52, 61, 47. வெப்பம் பாதித்த பகுதி 88, 131, 104. நாட்ச் இடம் அரித்த படத்துடன். டிக் கூப்பன் 5 மி.மீ. துண்டு, வெல்ட் 38, 44, 41. இழுவிசை நான்கையும் நானே வகுத்துப் பார்த்தேன், பொருந்துகிறது.

பழைய பி.க்யூ.ஆரின் திருத்திய அறிக்கை இன்னும் வரவில்லை. +5 லைன்களுக்கு அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார், 446-ஆ 488-ஆ என்பது தெரியும் வரை அதில் நான் கையெழுத்துப் போடவில்லை.

லேப்_மேசை · மார்ச் 19, இரவு 8:00

5 மி.மீ. துண்டுக்கு ஜூல் வரம்பு மட்டும் குறைத்தால் போதாது, சுவர் 5.8-க்கு அந்தத் துண்டு 80 சதவீதத்துக்கு மேலா என்று பாருங்கள். குறைவாக இருந்தால்தான் சோதனை வெப்பநிலையை இன்னும் இறக்க வேண்டும்.

குழாய்வழி · மார்ச் 19, இரவு 8:10

5-ஐ 5.8-ஆல் வகுத்தால் 86. தப்பித்தேன். ஆனால் இதே பி.க்யூ.ஆரை 10 மி.மீ. டிக் மூட்டுக்கு யாராவது நீட்டினால்?

லேப்_மேசை · மார்ச் 19, இரவு 8:25

80 சதவீதம் கூப்பன் சுவருக்கா, சைட் சுவருக்கா என்று கேட்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நேர்கோடும் ஆய்வாளரும் இன்னொரு வாரம் அடித்துக்கொள்வார்கள்.